எட்டு மாதக் காசுக்கு ஒரு வருடம்: 3.8 லட்சம் விட்டுப் படித்த தள்ளுபடிக் கணக்கு

மருந்துக் கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் எங்களுடையது. மதுரையில் சின்ன அலுவலகம், என்னையும் சேர்த்து நாலு பேர். அந்த வருடம் மார்ச்சில் 420 கடைகள் மாதச் சந்தாவில் இருந்தன. கடைக்கு மாதம் 1,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மாதம் 4.2 லட்சம் வரும், 3.4 லட்சம் போகும். பார்த்தால் நல்ல நிலைமைதான். ஆனால் சர்வர் பாக்கியும், மொபைல் ஆப் செய்து கொடுத்தவருக்கான கடைசித் தவணையும் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடித்தன. இரண்டும் சேர்ந்து 5 லட்சம், மார்ச் முடிவதற்குள் வேண்டும். வங்கியில் ஓவர்டிராஃப்ட் கேட்கலாம் என்று ஆடிட்டர் சொன்னார். கடன் வாங்கக் கூச்சமாக இருந்தது. நம் வாடிக்கையாளர்களிடமே முன்பணமாக வாங்கினால் வட்டி கிடையாதே என்று நினைத்தேன். வட்டி இருந்தது, அது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

420 பேருக்கும் ஒரே வாட்ஸ்அப் செய்தி: "எட்டு மாதச் சந்தா கட்டுங்கள், பன்னிரண்டு மாதம் பயன்படுத்துங்கள். மார்ச் 31 வரை மட்டும்." மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. ஏன் எட்டு என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. பத்து மாதம் என்றால் யாரும் அசைய மாட்டார்கள் என்ற பயம், அவ்வளவுதான். ஒன்பது நாளில் 130 பேர் கட்டிவிட்டார்கள். 10.4 லட்சம், அதோடு ஜிஎஸ்டி 1.87 லட்சம். வங்கி இருப்பில் 12 லட்சத்துக்கு மேல் தெரிந்தபோது நான் பெரிய வியாபாரி ஆகிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

முதலில் பணம் போட்டவர் நாலு வருடமாக எங்களிடம் இருக்கும் ஒரு மருந்துக் கடைக்காரர். செய்தி போய் ரெண்டே நிமிடத்தில் பணம் வந்தது. நன்றி சொல்லக் கூப்பிட்டேன். சிரித்தார். "ஏந்தம்பி, நாலு வருச ஸ்டாக்கு, பேட்ச் நம்பரு, பாக்கிக் கணக்கு எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லதான் கெடக்கு. நான் எங்க போகப்போறேன்? நீயா எட்டு மாசம்னு சொன்ன, நான் எட்டு மாசத்துக்குக் கட்டிட்டேன்." அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அந்த ஒரு பதிலை அன்றைக்கே உட்கார்ந்து யோசித்திருந்தால் மீதி 419 பேருக்கு வேறு செய்தி போட்டிருப்பேன்.

மே மாதம் பணம் இறுகத் தொடங்கியபோதுதான் யார் யார் கட்டினார்கள் என்று பட்டியல் எடுத்தேன். 130 பேரில் 96 பேர் எங்களிடம் ஒரு வருடத்துக்கு மேல் இருப்பவர்கள். 22 பேர் நாலு முதல் பன்னிரண்டு மாதம் ஆனவர்கள். சேர்ந்து மூன்று மாதத்துக்குள் இருப்பவர்கள் வெறும் 12 பேர். யார் போகவே மாட்டார்களோ அவர்கள்தான் முன்பணம் கட்டியிருந்தார்கள். போகலாமா இருக்கலாமா என்று யோசிப்பவர் ஒரு வருடத்துக்குப் பணம் கட்ட மாட்டார், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும். வருடத் தள்ளுபடி என்பது தானாகவே விசுவாசிகளைத் தேடிப் போய்ச் சேரும். அதைத் தடுக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

எவ்வளவு இழந்தேன் என்று பார்க்க ஒரு எண் வேண்டும். மாதச் சந்தாவில் விட்டிருந்தால் ஒருவர் அடுத்த பன்னிரண்டு மாதத்தில் சராசரியாக எத்தனை மாதம் கட்டியிருப்பார்? எல்லோரும் பன்னிரண்டும் கட்ட மாட்டார்கள், வழியில் சிலர் நின்றுவிடுவார்கள். மாதா மாதம் நூற்றுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது தெரிந்தால் இந்த எண் வந்துவிடும். இதற்குத் தனி மென்பொருள் எதுவும் தேவையில்லை. கடந்த பன்னிரண்டு மாதப் பணவரவுப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு கடைக்கும் முதல் பணம் கட்டிய மாதத்தையும் கடைசியாகக் கட்டிய மாதத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு மாதமும் தொடக்கத்தில் இருந்தவர் எத்தனை, அந்த மாதத்தோடு நின்றவர் எத்தனை என்று எண்ணுங்கள். முக்கியமானது என்னவென்றால், மொத்தமாக எண்ணக் கூடாது, சேர்ந்து எத்தனை மாதம் ஆனவர் என்று பிரித்து எண்ண வேண்டும். என் மொத்தச் சராசரி நூற்றுக்கு இரண்டு சொச்சம் என்று காட்டியது. பிரித்தபோது முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்களில் மாதம் நூற்றுக்கு 8 பேர், நாலிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை 3 பேர், ஒரு வருடம் தாண்டியவர்களில் ஒரே ஒருவர் என்று வந்தது. ஒரே கடைத்தெருவில் மூன்று வேறு வியாபாரம் நடப்பது போல.

எண்ணும்போது ஒரு இடத்தில் ஏமாறலாம். நின்றவர்கள் எல்லோரும் மனம் மாறி நின்றவர்கள் இல்லை. யூபிஐ ஆட்டோபே எடுக்க வந்த அன்றைக்குக் கணக்கில் பணம் இல்லாமல் தோற்றுப்போய், பிறகு யாரும் கவனிக்காமல் அப்படியே விட்டுப்போனவர்களும் அதில் இருப்பார்கள். அவர்களுக்குத் தேவை தள்ளுபடி இல்லை, மறுநாள் காலையில் ஒரு போன். அவர்களைத் தனியாகப் பிரிக்காவிட்டால் விலகல் கணக்கு வீங்கித் தெரியும், தேவைக்கு மேல் தள்ளுபடி கொடுக்கத் தோன்றும். நான் சொல்லும் எண்கள் அவர்களை நீக்கிய பிறகு வந்தவை.

விலகல் விகிதம் தெரிந்துவிட்டால் மீதி ஒரு வரிக் கணக்கு. எக்செல் தாளில் A1 கட்டத்தில் மாத விலகலைப் போடுங்கள், நூற்றுக்கு ஒன்று என்றால் 0.01.

```
=(1-(1-A1)^12)/A1
```

0.01 போட்டால் 11.36 வரும். அதாவது ஒரு வருடம் தாண்டிய பழைய கடைக்காரரை மாதச் சந்தாவிலேயே விட்டிருந்தால் சராசரியாக 11.36 மாதம் கட்டியிருப்பார். அவருக்கு 5 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி கொடுத்தால் அது கையை விட்டுப் போகும் பணம். 0.03 போட்டால் 10.2 மாதம், அங்கே எல்லை 15 சதவீதம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மூன்று மாதம் 8 என்றும் அதன்பின் 3 என்றும் மாறுவதால் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். எனக்குக் கிட்டத்தட்ட 9 மாதம் வந்தது, எல்லை 25 சதவீதம். நான் கொடுத்தது எல்லோருக்கும் 33. புதியவருக்குக்கூட அது அதிகம்.

இப்போது இழப்பைப் பாருங்கள். பழைய 96 பேரிடமிருந்து மாதச் சந்தாவில் வந்திருக்க வேண்டியது சுமார் 10.9 லட்சம், வாங்கியது 7.68 லட்சம். இந்த ஒரு கூட்டத்தில் மட்டும் 3.2 லட்சம் போனது. நடுவில் இருந்த 22 பேரில் சுமார் 48,000, புதிய 12 பேரில் 12,000. மொத்தம் 3.8 லட்சம். எனக்குத் தேவைப்பட்டதே 5 லட்சம்தான். ஆடிட்டர் சொன்ன ஓவர்டிராஃப்ட்டை 14 சதவீத வட்டிக்கு வாங்கி, வருடம் முழுக்க ஒரு பைசா திருப்பாமல் வைத்திருந்தாலும் 70,000 ரூபாய் வட்டியோடு முடிந்திருக்கும். இதை எழுதிப் பார்த்த அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. கூட வேலை செய்பவர்களிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

சதவீதமாகப் பார்ப்பதால்தான் இது உறைப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நம் ஊரில் எல்லோருக்கும் புரிகிற பாஷையில், நூற்றுக்கு மாதம் எத்தனை வட்டி என்று மாற்றிப் பாருங்கள். எப்படியும் பன்னிரண்டு மாதமும் இருக்கப்போகிறவரிடம் இன்றைக்கு மொத்தமாக வாங்கிக்கொண்டு, மாதா மாதம் வரவிருந்த 1,000 ரூபாயை விட்டுக்கொடுக்கிறோம். அது அவரிடம் கடன் வாங்கித் தவணை கட்டுவதற்குச் சமம். தாளில் இதற்கும் ஒரு வரி உண்டு. மூன்றாவதாக இருக்கும் எண்தான் வருடச் சந்தாவாக வாங்கும் தொகை. கட்டத்தைச் சதவீதமாக மாற்றி, இரண்டு தசமம் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

```
=RATE(12,-1000,10000,0,1)
```

பத்து மாதக் காசுக்குப் பன்னிரண்டு மாதம், அதாவது எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற "இரண்டு மாதம் இலவசம்", மாதம் மூன்றரை வட்டி. நான் போட்ட எட்டு மாதத் திட்டம் எட்டு வட்டிக்கும் மேல். கந்து வட்டிக்காரரிடம் போவதற்குக் கொஞ்சம்தான் குறைவு. 10 சதவீதத் தள்ளுபடி என்றால் இரண்டு வட்டி, ஒரு மாதம் மட்டும் இலவசம் என்றால் ஒன்றரை வட்டிக்குச் சற்று மேல். உங்கள் வங்கி ஒரு வட்டி சொச்சத்துக்குத் தரத் தயாராக இருந்தால், பழைய வாடிக்கையாளரிடம் மூன்றரை வட்டிக்கு வாங்க வேண்டிய அவசியம் என்ன? வங்கி தராது, நகையும் இல்லை, வேறு வழியே இல்லை என்றால் வாங்கலாம்தான். தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே.

இழந்தது ஒரு பக்கம். வந்த பணத்தை வைத்துக்கொள்ளத் தெரியாததால் பட்டது இன்னொரு பக்கம். வங்கியில் தெரிந்த 12 லட்சத்தில் 1.87 லட்சம் என்னுடையதே இல்லை. சேவைக்கு முன்பணம் வாங்கினால், வாங்கிய மாதத்திலேயே முழுத் தொகைக்கும் ஜிஎஸ்டி கணக்காகிவிடும். பன்னிரண்டு மாதச் சேவை என்பதால் பன்னிரண்டாகப் பிரித்துக் கட்ட முடியாது. பொருள் விற்பவர்களுக்கு முன்பணத்தின் மேல் இந்தத் தொல்லை 2017 நவம்பரிலேயே நீங்கிவிட்டது. கடை வைத்திருக்கும் நண்பர்கள் சொல்வதைக் கேட்டு நமக்கும் அப்படித்தான் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். நான் மாட்டிக்கொண்டேன். 5 லட்சம் பாக்கியை அடைத்துவிட்டு, மீதியில் விளம்பரம், புதிதாக ஒரு ஆள் என்று இறங்கிவிட்டேன். ஏப்ரல் 20 அன்று ஜிஎஸ்டிஆர் 3பி போடக் கையில் பணம் இல்லை. ஒரு மாதம் தாமதம். அந்தத் தொகைக்கு 18 சதவீத வட்டியில் சுமார் 2,800 ரூபாய், நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். தொகை சின்னதுதான். அந்த ஒரு மாதம் பட்ட மன உளைச்சலுக்குத்தான் கணக்குப் போட முடியாது.

அதைவிடப் பெரியது மாத வரவில் விழுந்த பள்ளம். 130 பேர் முன்பணம் கட்டிவிட்டால் அடுத்த பதினொரு மாதம் அவர்களிடமிருந்து ஒரு ரூபாயும் வராது. மீதி 290 கடைகள், 2.9 லட்சம். செலவோ 3.4 லட்சம். மாதம் 50,000 துண்டு. புதிதாகச் சேரும் கடைகள் மாதம் ஏழோ எட்டோ, அவர்களால் அந்தப் பள்ளம் மெதுவாகத்தான் நிரம்பும். அந்த 10.4 லட்சம் வருமானம் போலத் தெரிந்தாலும் உண்மையில் அது பன்னிரண்டு மாதம் உழைத்துத் தீர்க்க வேண்டிய பாக்கி. இப்போது நாங்கள் செய்வது இதுதான்: வருடச் சந்தா வந்த அன்றைக்கே ஜிஎஸ்டியைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுவோம். மீதியில் பன்னிரண்டில் ஒரு பங்கைச் செலவுக் கணக்கில் விட்டுவிட்டு, மற்றதை ஸ்வீப் வசதி உள்ள இன்னொரு கணக்கில் போட்டு, மாதம் ஒரு பங்காக எடுக்கிறோம். அவசரத்துக்கு அதிலிருந்து எடுத்தால் எத்தனை மாதத்துப் பங்கை எடுத்தோம் என்று சுவரில் உள்ள பலகையில் எழுத வேண்டும். கண்ணெதிரே இருந்தால் கை கொஞ்சம் கூசும்.

அடுத்த வருடம் திட்டத்தை முழுவதுமாக மாற்றினோம். பழையவர்களுக்கு ஒன்று, புதியவர்களுக்கு வேறொன்று. பழையவர்களுக்குத் தள்ளுபடியே கிடையாது. அதற்குப் பதில் விலையை ஏற்றினோம். மாதச் சந்தா 1,000 என்பது 1,100 ஆகும் என்று இரண்டு மாதம் முன்பே எல்லோருக்கும் சொன்னோம். பழைய 1,000 ரூபாய் விலையே வேண்டும் என்பவர்கள் வருடத்துக்குச் சேர்த்து 12,000 கட்டலாம். கடைக்காரர் கண்ணில் 1,200 ரூபாய் மிச்சம். எங்கள் பெட்டியில் அவரிடமிருந்து முன்பு சராசரியாக வந்துகொண்டிருந்த 11,360-ஐ விடக் கூடுதல், அதுவும் முன்கூட்டியே. ஆனால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளவும் கூடாது: எப்படியும் விலையை ஏற்றத்தான் போகிறோம் என்றால், இதுவும் ஒன்பது சதவீதத் தள்ளுபடிதான், ஏறக்குறைய இரண்டு வட்டி. நாங்கள் மூன்று வருடமாக விலையைத் தொடாமல் இருந்தோம், ஏற்றினால் போய்விடுவார்கள் என்ற பயம் வேறு. அதனால் எங்களுக்கு இது லாபமாக முடிந்தது.

12,000 என்று நிறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜிஎஸ்டி சேர்த்தால் 14,160. ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஆட்டோபேயில் ஒவ்வொரு முறையும் ஓடிபி இல்லாமல் எடுக்கக்கூடிய தொகை 2022 ஜூனில் 5,000-லிருந்து 15,000 ஆனது. 24 மணி நேரம் முன்பு தகவல் அனுப்பிவிட்டால் போதும், அடுத்த வருடப் புதுப்பிப்பு தானாக நடந்துவிடும். அதே சந்தாவை 13,000 என்று வைத்திருந்தால் வரியோடு 15,340. அப்போது ஒவ்வொரு கடைக்காரரும் ஓடிபி போட்டு உறுதி செய்ய வேண்டும். கடையில் கூட்டம் நிற்கும்போது யார் போடுவார்கள்? 15,000-க்குச் சற்று மேலே விலை வைத்திருப்பவர்கள் இந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு விலையை முடிவு செய்யுங்கள்.

புதியவர்களுக்குத்தான் நிஜமான தள்ளுபடி, ஏனென்றால் அங்கேதான் விலகல் அதிகம், பணம் தப்பிப்போகும் ஆபத்தும் அங்கேதான். ஆனால் சேர்ந்த அன்றைக்கே கேட்பதில்லை. எங்கள் மென்பொருளில் ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. விற்பனை பில் மட்டும் போடுகிற கடை மூன்று மாதத்தில் போய்விடும். மொத்த வியாபாரியிடம் வாங்கிய சரக்கைப் பேட்ச் எண், காலாவதித் தேதியோடு கொள்முதல் பதிவில் ஏற்றத் தொடங்கிவிட்ட கடை பெரும்பாலும் தங்கிவிடும். அதனால் சேர்ந்து முப்பது நாள் ஆன, கொள்முதல் பதிவு தொடங்கிவிட்ட கடைக்கு மட்டும் பத்து மாதக் காசுக்குப் பன்னிரண்டு மாதம், அதாவது 11,000. பத்து நாள் அவகாசம், அதை நீட்டிப்பது கிடையாது. ஒருமுறை நீட்டினால் கெடு தாண்டினாலும் கிடைக்கும் என்று பக்கத்துக் கடைக்கும் தெரிந்துவிடும், மருந்துக் கடைக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் எல்லாம் பேசுவார்கள்.

கொள்முதல் பதிவே தொடங்காதவரிடம் வருடச் சந்தா விற்றால் கணக்குப்படி இன்னும் லாபம்தானே, அவர்தான் போகப்போகிறவர் என்று என்னிடம் ஒருவர் கேட்டார். கணக்கு அப்படித்தான் சொல்லும். நடப்பில் நாலாம் மாதம் போன் வரும், பணத்தைத் திருப்பிக் கேட்பார், கொடுக்காவிட்டால் தெரு முழுக்கச் சொல்வார். அந்த வியாபாரம் எனக்கு வேண்டாம்.

திருப்பிக் கொடுப்பதற்கும் விதியை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். நாங்கள் வைத்தது: பயன்படுத்திய மாதங்களுக்கு முழு மாத விலையான 1,100 கழித்துக்கொண்டு மீதியைத் தருவோம். ஐந்து மாதம் பயன்படுத்திவிட்டுப் போகிறவருக்கு 11,000-ல் 5,500 போக மீதி 5,500-ம் அதற்கான ஜிஎஸ்டியும் திரும்பும். தள்ளுபடி விலையில் கழித்தால், வருடத் தள்ளுபடியை வாங்கிக்கொண்டு மாதச் சந்தா போல எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றாகிவிடும். திருப்பும்போது கிரெடிட் நோட் போட மறக்காதீர்கள். அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் அது கணக்கில் வராவிட்டால், கட்டிய ஜிஎஸ்டியைக் குறைத்துக்கொள்ள முடியாது.

இந்தப் பத்து மாதத் திட்டம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அதிகப் பொறுமை தேவைப்பட்டது. எத்தனை பேர் கட்டினார்கள் என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை. என் எட்டு மாதத் திட்டத்தில்கூட 130 பேர் கட்டினார்களே! பார்க்க வேண்டியது, கேட்கப்பட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து தந்த பணத்தையும், கேட்கப்படாத அதே மாதிரி ஆட்கள் தந்த பணத்தையும்தான். எனவே தகுதியான புதிய கடைகளில் வாடிக்கையாளர் எண் ஒற்றைப்படையாக இருந்தால் சலுகையைச் சொன்னோம், இரட்டைப்படையாக இருந்தால் சொல்லவில்லை. 80 கடைகள் சேரவே ஒரு வருடம் போல ஆனது. ஒவ்வொரு கடைக்கும் அதன்பின் பன்னிரண்டு மாதம் காத்திருந்தோம். சலுகை சொல்லப்பட்ட 41 பேரில் 15 பேர் வருடச் சந்தா எடுத்தார்கள், அதில் ஒருவர் ஐந்தாம் மாதம் பணத்தைத் திரும்பப் பெற்றார். எடுக்காதவர்கள் மாதா மாதம் கட்டியதையும் சேர்த்து 41 பேரின் சராசரி, கடைக்கு 10,705 ரூபாய். சலுகையே சொல்லப்படாத 39 பேரின் சராசரி 10,662. வித்தியாசம் 43 ரூபாய்.

இதைச் சொன்னபோது கூட இருந்தவர்களுக்கு முகம் வாடிவிட்டது. இரண்டு வருடம் காத்திருந்தது 43 ரூபாய்க்கா? எனக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை சின்னக் கூட்டத்தில் 43 ரூபாய் என்பது ஒன்றுமே இல்லை, ஒரு கடை முன்னாலோ பின்னாலோ போனாலே அது புரண்டுவிடும். ஆனால் நான் தேடியது லாபம் அல்ல. வருமானம் குறையாமல் பணம் முன்னால் வர வேண்டும். சந்தா எடுத்தவர்களின் 1.65 லட்சம், மாதா மாதம் வந்திருப்பதைவிடச் சராசரியாக ஐந்தரை மாதம் முன்னால், கிட்டத்தட்ட வட்டியில்லாமல் வந்தது. இன்னொன்றும் தெரிந்தது. சலுகை சொல்லப்படாதவர்கள் சராசரியாக 9.7 மாதம் கட்டியிருக்கிறார்கள். முப்பது நாளும் கொள்முதல் பதிவும் தாண்டிய புதிய கடைக்கு எல்லை 25 இல்லை, 19 சதவீதம்தான். நான் கொடுப்பது 16.7. ஒன்பது மாதக் காசுக்கு இறங்கியிருந்தால் நஷ்டத்தில் விழுந்திருப்பேன். சூத்திரம் தருவது உச்ச வரம்பு. தங்கப்போகிறவர்கள்தான் முதலில் கை தூக்குவார்கள் என்பதால் அதைவிட எப்போதும் சில புள்ளிகள் கீழேயே நில்லுங்கள்.

கடைசியாக அந்த 130 பேர். மறு மார்ச்சில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் புதுப்பிப்பு. முப்பது நாள் முன்னதாகவே ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, போன வருடம் 8,000, இந்த வருடம் 12,000 என்று சொன்னோம். வாட்ஸ்அப்பில் போட்டிருந்தால் கெட்டுப்போயிருக்கும். "அதே வெலைக்குக் குடுங்கண்ணே, நாங்க என்ன பண்ணோம்" என்று கேட்காதவர்கள் குறைவு. 71 பேர் 12,000 கட்டினார்கள், 48 பேர் மாதச் சந்தா 1,100-க்குத் திரும்பினார்கள், 11 பேர் நின்றுவிட்டார்கள். ஒரே மாதத்தில் 11 கடை போவதைப் பார்த்து விலையால்தான் என்று பதறினேன். பிறகு யோசித்தால், மாதம் நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கில் 130 பேரில் ஒரு வருடத்தில் 14, 15 பேர் போவது வழக்கம்தான். வருடம் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் போயிருக்க வேண்டியவர்கள் ஒரே நாளில் கதவைத் தட்டினார்கள். அதனால் இப்போது யாருக்கும் மார்ச்சில் மொத்தமாகக் கேட்பதில்லை. ஒவ்வொரு கடையும் எந்த மாதம் எங்களிடம் சேர்ந்ததோ அந்த மாதத்தில்தான் வருடச் சந்தாவைப் பற்றிப் பேசுகிறோம். நாலு வருடக் கடைக்காரர் ஆடியில் சேர்ந்தவர். ஆடித் தள்ளுபடி உண்டா என்று வருடம் தவறாமல் கேட்கிறார், பிறகு 12,000 கட்டிவிடுகிறார்.